தமிழ்நாட்டில் ஆசிரியர் பணி: பணியிடம், தகுதிச் சான்று, ஊதியம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியிலோ கல்லூரியிலோ ஆசிரியர் வேலை தேடப் போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

விளம்பரத்தைப் பார்த்ததும் பாடத்தையும் ஊரையும் பார்ப்பதற்கு முன், அந்தப் பணியிடத்துக்கு ஊதியம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தச் சான்று தேவை, எவ்வளவு ஊதியம், பணி எத்தனை நாள் நிலைக்கும் என்பவற்றுக்கெல்லாம் விடை பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

அரசுப் பள்ளிகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் நிரந்தரப் பணியிடங்களை ஆசிரியர் தேர்வு வாரியம் நிரப்புகிறது. அறிவிப்புகள் trb.tn.gov.in தளத்தில் வெளியாகும். ஆண்டுத் திட்ட அட்டவணை ஒன்றையும் வாரியம் வெளியிடுகிறது. அதில் உள்ள மாதங்கள் அடிக்கடி தள்ளிப்போகின்றன என்பதால் அதை நம்பிக் கையிலுள்ள வேலையை விடக் கூடாது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஊதியத்தை அரசு தருகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகம். இந்த இடங்கள் நாளிதழ் விளம்பரம் வழியாகத்தான் பெரும்பாலும் தெரியவரும். சுயநிதி நிறுவனங்களில் ஊதியம், தேர்வு இரண்டும் நிர்வாகத்தின் கையில். தனியார் பள்ளிகள் பிப்ரவரி இறுதியிலிருந்து மே வரையிலும், கல்லூரிகள் அதற்குச் சற்றுப் பின்னரும் நேர்காணல் நடத்துகின்றன. ஆண்டின் நடுவில் வரும் விளம்பரம் பெரும்பாலும் ஒருவர் பாதியில் விலகிய இடத்துக்கானது. அங்கே ஏன் விலகினார் என்று கேட்பதில் தவறில்லை.

நான்காவதாகத் தற்காலிகப் பணியிடங்கள் உள்ளன. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும், அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரிலும் இவை நிரப்பப்படுகின்றன. கட்டடம் அரசுடையதாக இருந்தாலும் பணி அரசுப் பணி அன்று. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு சேருபவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

எந்த வகுப்புக்கு எந்தச் சான்று வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஆசிரியர் பட்டயப் படிப்பும், டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சியும் வேண்டும். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பட்டதாரி ஆசிரியருக்கு உரிய பாடத்தில் இளநிலைப் பட்டம், பி.எட்., தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேர்ச்சி ஆகியவை தேவை. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியருக்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் போதும், அவருக்குத் தகுதித் தேர்வு கட்டாயமில்லை.

இதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. அந்தச் சட்டத்தின் கீழ்த் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கைதான் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. எனவே எட்டாம் வகுப்புக்கு மேல் மட்டும் கற்பிக்கும் பணிக்கு அந்தத் தேர்வு பொருந்துவதில்லை. தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர் ஆறாம் வகுப்பிலிருந்தே பாடம் எடுப்பதால் அவருக்குப் பொருந்துகிறது.

பி.எட். முடித்திருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் சேரலாமா?

இனி முடியாது. பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியானவர்கள் என்று 2018-இல் வெளியான அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டயப் படிப்புதான் உரிய பயிற்சி என்பது அதன் முடிவு. சில தனியார் பள்ளிகள் இன்னமும் பி.எட். முடித்தவர்களைத் தொடக்க வகுப்புகளுக்கு அமர்த்துகின்றன. அங்கே கிடைக்கும் அனுபவத்தை வைத்துப் பின்னர் இடைநிலை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது.

டெட் தேர்ச்சி பெற்றுவிட்டேன். அரசு வேலைக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

பாதித் தூரம் கடந்திருக்கிறீர்கள். தகுதித் தேர்வு என்பது விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறதே தவிரப் பணியைத் தருவதில்லை. தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் கணக்கிட்டு நேரடியாக நியமிக்கும் முறை தமிழ்நாட்டில் முன்பு இருந்தது. 2018 ஜூலையில் வெளியான அரசாணைக்குப் பிறகு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கெனத் தனியாக ஒரு போட்டித் தேர்வை எழுத வேண்டும். இடையில் சில ஆண்டுகள் எந்த நியமனமும் நடக்கவில்லை. 2013-இல் தேறிய பலர் இரண்டாவது தேர்வை 2024-இல்தான் எழுதினார்கள். அவர்கள் காத்திருந்த காலத்தை நினைத்தால் மனம் கனக்கிறது.

தகுதித் தேர்வு 150 வினாக்களும் 150 மதிப்பெண்களும் கொண்டது. பொதுப் பிரிவினருக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கான தளர்வை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்று முன்பு ஏழு ஆண்டுகளே செல்லும். 2021-இல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என மாற்றப்பட்டது. 2011 முதல் பெற்ற சான்றுகளுக்கும் இது பொருந்தும். ஆகவே பழைய சான்றைக் காலாவதியானது என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2013-க்குப் பின் 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. 2022-இல் தொடங்கிய தேர்வுக்குப் பின் அடுத்தது 2025 நவம்பரில்தான் வந்தது. அறிவிப்பு வந்தபின் படிக்கத் தொடங்கினால் ஒரு வாய்ப்பை இழப்பது பல ஆண்டுகளை இழப்பதாகிவிடும். முதுகலை ஆசிரியர் பணிக்கோ ஒரே போட்டித் தேர்வுதான். முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் கையில் இருப்பவர் இரு வழிகளுக்கும் தகுதி பெற்றிருந்தால், முதலில் முதுகலைத் தேர்வுக்குத் தயாராவதே என் பரிந்துரை. அதில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 மதிப்பெண்கள். அதற்கு முன் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு. அதில் 50-க்கு 20 பெறாதவரின் பாடத்தாள் திருத்தப்படுவதே இல்லை.

நான் சேரும் தனியார் பள்ளியில் டெட் கேட்கவே இல்லை. அப்படியென்றால் தேவையில்லைதானே?

கேட்காததால் தேவையில்லை என்று ஆகிவிடாது. எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் தகுதி, பள்ளி அரசுடையதா தனியாருடையதா என்பதைப் பொறுத்தது அன்று. ஆள் கிடைக்காததாலும், சான்று உள்ளவர் கூடுதல் ஊதியம் கேட்பார் என்பதாலும் பல பள்ளிகள் இதைப் பேசுவதில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நிலைமையை இன்னும் இறுக்கியது. ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும், ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று அது கூறியது. ஐந்தாண்டுகளுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம்; ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. பல்லாண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களையே சட்டம் இப்படிக் கேட்கும்போது, புதிதாகச் சேருபவர் சான்றில்லாமல் நெடுங்காலம் பாதுகாப்பாக இருக்க இயலாது. சேருவது உங்கள் தேவையைப் பொறுத்தது. சேர்ந்த பிறகும் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தாதீர்கள்.

ஒரே அரசுப் பள்ளியில் இடைநிலை, பட்டதாரி, முதுகலை ஆசிரியர்களுக்கு ஊதியம் எவ்வளவு வேறுபடும்?

2017-ஆம் ஆண்டு திருத்திய ஊதிய விதிகளின்படி இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுகலை ஆசிரியருக்கு 36,900. இவற்றின் மேல் அகவிலைப்படி சேரும். 2025 ஜூலை முதல் அது 58 விழுக்காடு எனக் கொண்டால், இடைநிலை ஆசிரியருக்கு 32,548 ரூபாயும், பட்டதாரி ஆசிரியருக்கு 57,512 ரூபாயும், முதுகலை ஆசிரியருக்கு 58,302 ரூபாயும் வரும். ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி தனியே சேரும். பிடித்தங்களில் பெரியது ஓய்வூதியப் பங்களிப்பு. அது அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து விழுக்காடு. பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 5,751 ரூபாய் அப்படிப் போகும்.

இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, பட்டதாரிக்கும் முதுகலைக்கும் தொடக்கத்தில் உள்ள வேறுபாடு மாதம் 790 ரூபாய்தான். ஊதியத்துக்காக மட்டும் முதுநிலைப் பட்டம் படிப்பதில் பொருளில்லை. தகுதித் தேர்வு இல்லாத வழி திறக்கிறது என்பதற்காகவும், மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவியை நோக்கியும் படிப்பதில் பொருள் உண்டு. இரண்டாவது, இடைநிலை ஆசிரியருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் இடையே ஏறத்தாழ 25,000 ரூபாய் இடைவெளி இருக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் வேலை எந்த வகையிலும் எளிதன்று என்பதால் இந்த இடைவெளி எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கும் பின் சேர்ந்தவருக்கும் இடையே வேறொரு முரண்பாடும் உள்ளது. முன்னவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்றும் பின்னவருக்கு 5,200 என்றும் நிர்ணயிக்கப்பட்டதில் தொடங்கிய அந்த வேறுபாட்டை எதிர்த்துத்தான் ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டு அவர்கள் சென்னையில் மீண்டும் மீண்டும் போராடி வருகிறார்கள்.

பட்டயப் படிப்பு முடித்தவர்கள் கேந்திரிய வித்யாலயா பணியையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அங்கே தொடக்கநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். மாநிலத் தகுதித் தேர்வுக்குப் பதிலாக மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சி.டெட். தேறியிருக்க வேண்டும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கத் தெரிய வேண்டும், நாட்டின் எந்த மூலைக்கும் பணியிட மாறுதல் வரலாம். அங்கே பட்டதாரி ஆசிரியருக்கு 44,900, முதுகலை ஆசிரியருக்கு 47,600 எனத் தொடங்கும். மாநிலப் பணியோடு ஒப்பிட்டால் அதிகம் பயன் பெறுபவர் தொடக்கநிலை ஆசிரியரே.

எல்லாத் தகுதியும் இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் பட்டத்தின் பெயரால். ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டச் சான்றில் அச்சாகியிருக்கும் பாடப் பெயரைத்தான் பார்க்கும். வேதியியல் பணியிடத்துக்குப் ‘பயன்முறை வேதியியல்’ பட்டத்தோடு போனால், அது வேதியியலுக்குச் சமம் என்று கூறும் அரசாணை இருக்க வேண்டும். பாடத்திட்டம் ஒன்றுதான் என்று துறைத்தலைவர் எழுதிக்கொடுக்கும் கடிதம் போதாது. அரசாணை இருந்தால் அதன் எண்ணையும் படியையும் கையில் வைத்திருங்கள். இல்லையென்றால் சமானம் கேட்டு, படித்த பல்கலைக்கழகத்தின் வழியே உயர்கல்வித் துறைக்கு விண்ணப்பிக்கும் வேலையை அறிவிப்பு வருவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

அடுத்த காரணம் பாடம் மாறிப் படித்தது. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையிலும் முதுநிலையிலும் அதே பாடத்தைப் படித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் எம்.ஏ. தமிழ் படித்தவர் தமிழில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் இங்கே சிக்கிக்கொள்வார். முதுநிலையில் சேரும்போதே இதைச் சொல்லும் கல்லூரி அரிது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் வகுப்பிலிருந்து பணிக்குரிய பட்டம் வரை ஒவ்வொரு நிலையிலும் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றை அந்தந்த நிறுவனத்திடம் பெற வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் உரிய கல்வி அலுவலரிடம் கேட்டு வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் இதற்காக அலைபவர்களை ஒவ்வொரு அறிவிப்பின்போதும் பார்க்கிறோம்.

கல்லூரியில் கற்பிக்க நெட் போதுமா, பிஎச்.டி. வேண்டுமா?

கலை அறிவியல் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு, தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சி குறைந்தபட்சத் தகுதி. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு விதித்த நெறிகளின்படி பெற்ற பிஎச்.டி. பட்டம் நெட் தேர்விலிருந்து விலக்களிக்கும். பல்கலைக்கழகத் துறைகளுக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்றிருந்த விதி ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலையில் கைவிடப்பட்டது.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வெளியாகிறது. முதல் பிரிவினருக்கு ஆராய்ச்சி உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும் உண்டு. இரண்டாம் பிரிவினருக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கைத் தகுதியும் உண்டு. மூன்றாம் பிரிவு முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமே உரியது. அதைப் பெற்றவர் ‘நெட் தேர்ச்சி’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் தகுதிக் கணக்கில் அது சேராது. சான்றில் உதவிப் பேராசிரியர் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். செட் தேர்வுக்கும் ஓர் எல்லை உண்டு: 2002 ஜூன் 1-க்குப் பின் நடந்த தேர்வுகளில் பெற்ற செட் அந்த மாநிலத்தில் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டு செட் வைத்திருப்பவர் பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ அதைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது.

ஒரே கல்லூரியில் இரண்டு பேராசிரியர்களுக்கு ஊதியம் நான்கு மடங்கு வேறுபடுகிறது என்கிறார்கள். எப்படி?

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் காலையில் உதவி பெறும் பிரிவும், மாலையிலோ பக்கத்துக் கட்டடத்திலோ சுயநிதிப் பிரிவும் நடப்பது வழக்கம். அரசு அனுமதித்த பணியிடத்தில் இருப்பவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். 58 விழுக்காடு அகவிலைப்படியோடு 91,166 ரூபாய். சுயநிதிப் பிரிவில் இருப்பவருக்கு நிர்வாகம் முடிவு செய்வதே ஊதியம். 20,000 ரூபாயில் வேலை செய்யும் முனைவர்கள் இருக்கிறார்கள். இருவரும் நடத்துவது ஒரே பாடத்திட்டம், திருத்துவது ஒரே பல்கலைக்கழக விடைத்தாள்.

எனவே விளம்பரத்தில் ‘அரசு உதவி பெறும் கல்லூரி’ என்று இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். அது கல்லூரியின் வகை. உங்கள் பணியிடத்தின் வகை என்ன என்று தனியே கேட்க வேண்டும். ‘அனுமதிக்கப்பட்ட காலிப் பணியிடமா, நிரப்ப அரசின் அனுமதி வந்திருக்கிறதா, எந்த இனச்சுழற்சிக்கு’ என்ற மூன்று கேள்விகளுக்கும் அனுமதிக்கப்பட்ட இடம் என்றால் தெளிவான விடை இருக்கும். ‘இப்போது சுயநிதியில் சேருங்கள், பின்னர் உதவிப் பிரிவுக்கு மாற்றிவிடுவோம்’ என்பது விடை அன்று. உதவிப் பிரிவில் இடம் காலியானால் அதற்குத் தனி விளம்பரமும் தனித் தேர்வும் உண்டு. பள்ளிகளிலும் இதே நிலைதான். அங்கே கூடுதலாக, வேறு பள்ளியில் உபரியாக உள்ள ஆசிரியரை அந்த இடத்தில் அமர்த்தும்படி கல்வித் துறை சொல்லவும் கூடும். நிர்வாகம் நியமித்தவருக்கு ஒப்புதல் வராமல் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடப்பது இதனால்தான்.

கௌரவ விரிவுரையாளர் பணியில் மாதம் 25,000 ரூபாய், ஆண்டில் பதினோரு மாதங்களுக்குக் கிடைக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் பரிந்துரைத்தது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாத உச்சம் 50,000 ரூபாய். அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை. நிரந்தர நியமனமும் எளிதில் வருவதில்லை: 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு வெளியான அறிவிப்பின் தேர்வு தள்ளிப்போய், 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வந்தது.

சுயநிதிக் கல்லூரியில் சேருபவர் ஒன்றைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். இணைவு தரும் பல்கலைக்கழகத்திடமிருந்து உங்கள் பெயருக்குத் தகுதி ஒப்புதல் வாங்கித் தருமாறு கல்லூரியைக் கேளுங்கள். அனுபவச் சான்றில் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் மேலொப்பம் பெற வேண்டி வரும்போது, நெட் அல்லது பிஎச்.டி. பெற்ற நாளுக்குப் பிந்தைய பணி மட்டுமே மதிப்புப் பெறும்.

எம்.இ. முடித்தவருக்கும் நெட் வேண்டுமா?

பொறியியல் கல்லூரிகளுக்கு வேண்டாம். இளநிலை, முதுநிலை இரண்டும் உரிய பொறியியல் பிரிவில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். அதே கல்லூரியில் கணிதமோ வேதியியலோ கற்பிக்க வருபவருக்கு நெட் அல்லது பிஎச்.டி. தேவை.

எம்.எஸ்சி. வேதியியலும் பி.எட்.டும் முடித்திருக்கிறேன். மூன்று இடங்களில் அழைக்கிறார்கள். எப்படி ஒப்பிடுவது?

இப்படி வைத்துக்கொள்வோம். திருச்சியில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளி மாதம் 26,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. உதவி பெறும் கல்லூரி ஒன்றின் சுயநிதிப் பிரிவு 20,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. பக்கத்து ஒன்றிய அரசு மேல்நிலைப் பள்ளி, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக முதுகலை ஆசிரியராக 18,000 ரூபாய்க்கு அழைக்கிறது. சொன்ன தொகையை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் கைக்கு வருவதைக் கணக்கிட வேண்டும்.

முதல் பள்ளியில் விசாரித்தால் வருங்கால வைப்பு நிதி உண்டு என்கிறார்கள். 15,000 ரூபாய் உச்ச வரம்பில் 12 விழுக்காடு என ஊழியர் பங்கு 1,800 ரூபாய். ஆனால் நிர்வாகத்தின் பங்கான 1,800 ரூபாயையும் உங்கள் ஊதியத்திலேயே பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது சட்டப்படி தவறு என்றாலும் பரவலாக நடக்கிறது. கைக்கு வருவது 22,400. மே மாத ஊதியம் இல்லை என்றால் பதினோரு மாதத்துக்கு 2,46,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,533 ரூபாய். கல்லூரியில் பிடித்தம் எதுவுமின்றி பன்னிரண்டு மாதமும் 20,000 தந்தால் ஆண்டுக்கு 2,40,000. வைப்பு நிதியில் சேரும் தொகையைத் தவிர்த்துப் பார்த்தால் 6,000 ரூபாய் என்று தெரிந்த மாத வேறுபாடு ஏறத்தாழ 530 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. அரசுப் பள்ளியில் ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாதம் என்றால் 1,80,000. நிரந்தர ஆசிரியர் வந்தால் நடுவிலேயே பணி முடிந்துவிடும்.

அடுத்து நேரம். தனியார் பள்ளியில் பொதுத் தேர்வு வகுப்புகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் இருக்கும். அரசுப் பள்ளியில் மாலை பெரும்பாலும் உங்களுடையது. முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவருக்கு அந்த நேரத்தின் மதிப்பை ரூபாயில் சொல்ல முடியாது.

கடைசியாகச் சான்று. உங்களிடம் நெட்டோ பிஎச்.டி.யோ இல்லாத நிலையில் கல்லூரிப் பணி தகுதி ஒப்புதல் பெறாது. அந்த ஆண்டுகள் பின்னர் அனுபவமாக எண்ணப்படா. ஆகவே கல்லூரி என்ற பெயருக்காக அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன். வீட்டில் உடனடி வருமானம் தேவையென்றால் தனியார் பள்ளியைத் தேர்ந்து, வைப்பு நிதியில் நிர்வாகப் பங்கை நிர்வாகமே செலுத்துமா, மே மாத ஊதியம் உண்டா என்ற இரண்டையும் நியமன ஆணையில் எழுதி வாங்க வேண்டும். ஓராண்டுச் செலவைத் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தால், குறைந்த ஊதியமானாலும் அரசுப் பள்ளியில் சேர்ந்து மாலையில் படிப்பதே மேல். தேர்வில் வெற்றி பெற்றால் தொடக்கமே 58,000 ரூபாய்க்கு மேல் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். நேரடி நியமனத்துக்கு வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்பதால் ஓராண்டு தாமதத்தால் வாய்ப்புப் போய்விடாது.

தனியார் பள்ளியில் பல ஆண்டு வேலை செய்தால் விலகும்போது ஏதாவது கிடைக்குமா?

பணிக்கொடை கிடைக்க வேண்டும். ஆசிரியர்களும் பணிக்கொடைச் சட்டத்துக்குள் அடங்குவர் என 2009-இல் திருத்தம் வந்தது. 1997 ஏப்ரல் 3 முதல் அது செல்லும். தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது கணக்கு. கடைசி அடிப்படை ஊதியம் 26,000 ரூபாயாக இருந்து எட்டாண்டு பணி செய்தவருக்கு, 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 8-ஆலும் பெருக்கினால் 1,20,000 ரூபாய் வரும். சில பள்ளிகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் விலகல் கடிதம் வாங்கி ஜூனில் புதிய ஆணை தருவது, பணி தொடர்ச்சி இல்லை என்று காட்டத்தான். அப்படிக் கடிதம் கேட்டால் தேதியிட்ட படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வந்த ஊதியமும் வைப்பு நிதிக் கணக்கும் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். நன்கொடை கேட்பதும் உண்டு. என்ன செய்வது?

அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்து அன்றே திருப்பித் தருவதுதான் முறை. அசல் சான்றுகள் நிர்வாகத்திடம் இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியச் சரிபார்ப்புக்குப் போகும் நாளில் அவர்களிடம் கெஞ்ச வேண்டி வரும்; ஆண்டு நடுவில் விலகினால் மூன்று மாத ஊதியம் கட்டச் சொல்வார்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கடிதமாகக் கேட்டு வாங்குவது முதல் படி. தர மறுத்தால் பதிவு அஞ்சலில் கேட்டு எழுதி, பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், கல்லூரி என்றால் மண்டல இணை இயக்குநரிடமும் அந்தக் கடிதத்தின் படியோடு புகார் தரலாம்.

உதவி பெறும் நிறுவனங்களின் அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு இடைத்தரகர் வழியே பெருந்தொகை கேட்பது சட்டவிரோதம். பணம் கொடுத்தவருக்கு நியமன ஒப்புதல் வருமென்ற உறுதியும் கிடையாது. ஒப்புதல் தருவது பணம் வாங்கியவர் அல்லர், கல்வித் துறை. ஆணை கையில் இருந்தும் ஒப்புதல் வராமல் ஊதியமின்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த வழியில் சிக்கியவர்களிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் தேர்வு வாரியப் பணியை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் விண்ணப்ப எண்ணையோ கடவுச்சொல்லையோ அவரிடம் கொடுக்காமல், காவல் நிலையத்தில் எழுத்து வழியாகப் புகார் அளியுங்கள்.